ராவில சொறிஞ்சு சொறிஞ்சு எழும்புற பிள்ளை: ஆருக்கும் வழி தெரியுமோ?

இரவுக்காவலன் | 11 மார்ச் 2024, விடியப்புறம் 2.25

மகளுக்கு ஐஞ்சு மாசம். கோண்டாவிலில இருக்கிறம். மூண்டாம் மாசம் ரெண்டு கன்னமும் சிவந்து தொடங்கினது, இப்ப கையின்ர வெளிப்பக்கமும் முழங்காலுக்குக் கீழயும் சொரசொரப்பாக் கிடக்கு. டொக்டர் எக்ஸிமா எண்டு சொல்லி ஒரு ரியூப் தந்தவர். அம்மம்மா கிரந்தி எண்டு சொல்லுறா. பெயர் எதுவா இருந்தாலும் நித்திரை இல்லை.

பகலில சிரிச்சுக்கொண்டு இருக்கிற பிள்ளை. பத்து மணி தாண்டினாத்தான் கூத்து. முதல்ல ஒரு குதிக்காலால மற்றக் காலை உரசுற சத்தம் கேக்கும், பாயில ஆரோ அரிசி தேய்க்கிற மாதிரி. பிறகு கன்னத்தைத் தலையணை உறையில இஞ்சாலயும் அங்காலயும் தேய்ப்பா. பிறகு அழுகை. நேற்று ராத்திரி ஆறு தரம். விடிய உறையைப் பாத்தா குண்டூசி முனையளவு ரத்தப் பொட்டுகள்.

மனுசி வேலைக்குத் திரும்பிட்டா, ராக்காவல் எனக்கு. உந்த நேரத்தில என்ன செய்தாப் பிள்ளை அடங்கும்? புத்திமதி வேண்டாம், செய்து பாத்ததைச் சொல்லுங்கோ.

சுன்னாகம் சிவம் | 11 மார்ச், காலை 6.40

தம்பி, கிணத்துத் தண்ணிதான் காரணம். எங்கட பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதுதான் பிள்ளையின்ர தோலிலயும் படியுது. மழைத்தண்ணி பிடிச்சு வார்த்துப் பாரும். அதோட மனுசியை முட்டை, நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லும்.

லண்டன் மாமி | 11 மார்ச், காலை 11.05

ஹீட்டரைக் குறைச்சு வையுங்கோ, ரூம் காஞ்சு போகும். பெரிய போர்வைக்குப் பதிலாச் சின்னது போடுங்கோ. எங்கட பேரனுக்கு அதுதான் சரிவந்தது.

இரவுக்காவலன் | 11 மார்ச், மத்தியானம் 12.30

மாமி, இஞ்ச ஹீட்டர் எண்டா மத்தியான வெயில்தான். குறைக்கிற சுவிட்ச் எங்க எண்டு இன்னும் கண்டுபிடிக்கேல்லை.

சிவமண்ணை, முட்டையும் மீனும் மனுசி மூண்டு கிழமையா நிப்பாட்டித்தான் இருக்கிறா. ஒரு மாற்றமும் இல்லை. அவ மெலிஞ்சதுதான் மிச்சம். மாசி மாசம் போய்ப் பங்குனி பிறக்குது, மழைத்தண்ணிக்கு நான் எங்க போறது?

வார்ட் மிஸி | 11 மார்ச், இரவு 8.15

தம்பி, நான் குழந்தைகள் வார்டில வேலை செய்து ஓய்வெடுத்த ஆள். ஒரே ஒரு கேள்வி. டொக்டர் தந்த ரியூப் என்ன, எத்தினை கிராம், எப்ப வாங்கினது, இப்ப எவ்வளவு மிச்சம்?

இரவுக்காவலன் | 11 மார்ச், இரவு 9.50

ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம், 15 கிராம். தை மாசம் முதல் கிழமை வாங்கினது. பாதிக்கு மேல கிடக்கு. ஸ்டீரொயிட் எண்டபடியாப் பயத்தில, நல்லாச் சிவந்தா மட்டும் ஒரு பொட்டு வைக்கிறம். வறட்சிக்குப் பூசுற கிறீம் ஒண்டும் இருக்கு, 100 கிராம் டப்பா. அதுவும் ரெண்டு மாசமா ஓடுது.

வார்ட் மிஸி | 11 மார்ச், இரவு 10.20

அப்ப உங்கட பிள்ளைக்கு இன்னும் மருந்தே போடேல்லை.

உங்கட சுட்டுவிரல் நுனியில இருந்து முதல் மடிப்பு மட்டும் ரியூப்பைப் பிதுக்குங்கோ. அது ஏறக்குறைய அரைக் கிராம். உங்கட ரெண்டு உள்ளங்கை விரலோட சேர்த்து எவ்வளவு இடமோ, அவ்வளவு இடத்துக்கு அந்த அரைக் கிராம் காணும். பிள்ளையில புண்பட்ட இடமெல்லாத்தையும் உங்கட கையை வைச்சு அளந்து பாருங்கோ. எத்தினை கை வருது எண்டு நாளைக்குச் சொல்லுங்கோ.

வறட்சிக்குப் பூசுற களிம்பு, உடம்பு முழுக்க வறண்ட பிள்ளைக்கு, கிழமைக்குக் கால் கிலோ போகவேணும்.

இரவுக்காவலன் | 12 மார்ச், விடியப்புறம் 1.50

கால் கிலோவா? எங்கட வீட்டில சீனியே கிழமைக்குக் கால் கிலோ போகாது.

(இப்ப இவ என்ர தோளில. கன்னத்தை என்ர சேட்டில தேய்ச்சுக்கொண்டு இருக்கிறா. ஒரு கையால தட்டுறன்.)

இரவுக்காவலன் | 12 மார்ச், மாலை 5.10

அளந்து பாத்தன். ரெண்டு கன்னமும் சேர்த்து அரைக் கை. கை ரெண்டும் ஒண்டரை. கால் ரெண்டும் மூண்டு. மொத்தம் ஐஞ்சு கை. மிஸியின்ர கணக்கில ரெண்டரை விரல்நுனி, ஒண்டேகால் கிராம். நாளுக்கு ஒருக்காப் பூசினாலே 15 கிராம் ரியூப் பன்னிரண்டு நாளில முடியவேணும். நாங்கள் பாதி ரியூப்பை ரெண்டு மாசத்துக்கு மேல வைச்சிருக்கிறம். பொருளாதார நெருக்கடிக்கு நல்ல உதாரணம் எங்கட வீடு.

டொக்டரிட்டை இண்டைக்குத் திரும்பவும் போனம். அவரும் அதையேதான் சொன்னார். முகத்துக்கும் உடம்புக்கும் அதே 1 வீதம், ராவில ஒருக்கா, சொரசொரப்புப் போய் ரெண்டு நாள் வரைக்கும். பிறகு நிப்பாட்டிப் போட்டுக் களிம்பு மட்டும்.

சுன்னாகம் சிவம் | 12 மார்ச், இரவு 7.30

ஸ்டீரொயிட் தோலை மெல்லிசாக்கும் தம்பி. என்ர மச்சானுக்கு முகம் கடதாசி மாதிரிப் போனது.

வார்ட் மிஸி | 12 மார்ச், இரவு 8.00

சிவம் சொல்லுறது பொய்யில்லை, ஆனா ஆளை மாத்திச் சொல்லுறார். மச்சான் பூசினது என்ன? குளோபெற்றசோல் மாதிரி ஒண்டெண்டா அது உந்தக் குடும்பத்தில பெரியண்ணன். ஒரே ரியூப்புக்குள்ள பங்கசு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் அதுவும் கலந்து, டொக்டரின்ர துண்டு இல்லாமலே கடையில எடுத்துவந்து மாசக்கணக்கில பூசுற ஆக்களை எனக்குத் தெரியும். அவையின்ர தோல்தான் மெலியும். ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம் கடைக்குட்டி. கிழமைக் கணக்கில, அளவாப் பூசினாத் தோல் மெலியாது. பூசாமல் விட்டுச் சொறிஞ்சு சொறிஞ்சு தடிக்கிற தோல்தான் நான் வார்டில கண்டது.

சுன்னாகம் சிவம் | 12 மார்ச், இரவு 8.20

மச்சான் பூசினது என்னெண்டு கேட்டுச் சொல்லுறன்.

இரவுக்காவலன் | 13 மார்ச், விடியப்புறம் 3.05

நேற்றுப் பின்னேரம் பாமசியில களிம்பு கேட்டன். அக்வஸ் கிறீம் எண்டு பெரிய டப்பாவாத் தந்தாங்கள், மலிவு. ராவுக்கு அள்ளிப் பூசினன். பிள்ளை வீரிட்டுக் கத்தினா. கன்னம் ரெண்டும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரிச் சிவந்து போச்சு. தண்ணியால துடைச்சு, அரை மணித்தியாலம் விறாந்தையில நடந்து… அளவு கூடினதாலயோ மிஸி?

வார்ட் மிஸி | 13 மார்ச், காலை 7.10

அளவில்லை. அக்வஸ் கிறீமுக்குள்ள சோடியம் லோறில் சல்பேற் எண்டு சோப்புச் சாமான் ஒண்டு இருக்கும். பூசி விடுறதுக்கு அது நல்லதில்லை, சில பிள்ளையளுக்கு எரியும். 2013இல பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பகுதி இதைப் பற்றி அறிவுறுத்தலே விட்டது. இஞ்ச இப்பவும் ஆக்கள் பூசுறதுக்கு வாங்குகினம். சோப்புக்குப் பதிலாத் தேய்ச்சுக் கழுவ வேணுமெண்டா வைச்சிருங்கோ, ஆனா எரிஞ்ச பிள்ளைக்கு நான் அதுக்கும் பாவிக்கமாட்டன்.

வெள்ளை சொஃப்ட் பரபின் கேளுங்கோ. வாசமில்லாதது. பிசுபிசுக்கும், அதுதான் வேணும்.

பருத்தித்துறை ராசன் | 13 மார்ச், இரவு 9.40

அண்ணை, எங்கட சின்னவனுக்கும் இதே கதைதான், ராவில மட்டும் சொறி. நாங்களும் எக்ஸிமா எண்டு ரெண்டு மாசம் ஸ்டீரொயிட் பூசினம். கூடிக்கொண்டே போச்சு. பிறகுதான் மனுசிக்கு விரலிடுக்கில, எனக்கு இடுப்பில, அம்மாவுக்குக் கமக்கட்டில எல்லாம் கடி எண்டு தெரிஞ்சது. ஆரும் ஆருக்கும் சொல்லேல்லை, வெக்கம். கடைசியில அது சொறிப்பூச்சி. பேர்மெத்ரின் 5 வீதம், வீட்டில எல்லாரும் ஒரே ராத்திரி பூசி, ஒரு கிழமையால திரும்பவும் பூசித்தான் விட்டது. பூச்சி செத்த பிறகும் கடி ரெண்டு மூண்டு கிழமை நிண்டது. திரும்ப வந்திட்டுதெண்டு மனுசி அழுதா.

உங்கட வீட்டில வேற ஆருக்கும் கடிக்குதோ? பிள்ளையின்ர உள்ளங்காலைப் பாருங்கோ.

இரவுக்காவலன் | 13 மார்ச், இரவு 10.30

ராசன், வாசிச்ச கையோட எனக்கும் கடிக்கத் தொடங்கிட்டுது. ரோச் அடிச்சுப் பாத்தன், என்ர விரலிடுக்கு சுத்தம், மனம்தான் கடிக்குது. அம்மம்மாவிட்டைக் கேட்டன், முறைச்சுப் பாத்தா. பிள்ளையின்ர உள்ளங்கால், உள்ளங்கை, கமக்கட்டு எல்லாம் பால் மாதிரி. கொப்புளம் இல்லை.

வார்ட் மிஸி | 14 மார்ச், காலை 6.50

ராசன் கேட்டது நல்ல கேள்வி, எல்லாரும் கேக்கவேணும். கைக்குழந்தைக்கு உள்ளங்கால், உள்ளங்கை, கமக்கட்டில பருப்பருவா வந்து வீட்டில இன்னொருத்தரும் சொறிஞ்சா முதல்ல பூச்சியைத்தான் யோசிக்கவேணும். கன்னமும் கை கால் வெளிப்பக்கமும் வறண்டு, நப்பி கட்டுற இடம் சுத்தமா இருந்தா அது எக்ஸிமாவின்ர கோலம். காவலன் தம்பி, நப்பி கட்டுற இடம் எப்பிடி?

இரவுக்காவலன் | 14 மார்ச், காலை 7.15

பளிங்கு.

இரவுக்காவலன் | 17 மார்ச், இரவு 11.40

நாலு நாளா எழுத நேரமில்லை. இப்ப நாங்கள் செய்யிறதை எழுதி வைக்கிறன், பிறகு எனக்கே மறந்து போகும்.

ஆறே முக்காலுக்கு வார்க்கிறம். முழங்கை வைச்சுப் பாத்தா வெதுவெதுப்புத் தெரியாத தண்ணி. முந்தி அம்மம்மா வேப்பிலை போட்டு, ஆவி பறக்கிற தண்ணியில, பயத்தம்மா தேய்ச்சு இருபது நிமிசம் வார்ப்பா. பிள்ளை சிவந்து வர, “பாத்தியே, என்ன நிறம்” எண்டுவா. இப்ப ஐஞ்சு நிமிசம், மா இல்லை, வேப்பிலை இல்லை. மா பொடியெண்டாலும் வெடிச்ச தோலுக்கு அது மணல்தான். இந்தச் சண்டை ரெண்டு நாள் நடந்தது, விவரம் வேண்டாம்.

துவாயால ஒத்தி எடுக்கிறது மட்டும், துடைக்கிறதில்லை. ஈரம் காயமுதல் பரபின். டப்பாவுக்குள்ள விரல் விடாமல் கழுவின கரண்டியால எடுத்து, மயிர் படுத்திருக்கிற பக்கமாக் கீழ்நோக்கி வழிச்சு விடுறது. மேலயும் கீழயும் தேய்ச்சா மயிர்க்கால் அடைச்சுப் பரு வருமாம், மிஸி தனியாச் சொன்னவ. அரை மணித்தியாலம் கழிச்சு, பால் குடிக்கேக்குள்ள, சிவந்த இடத்தில மட்டும் அளந்த ஸ்டீரொயிட்.

எழும்பின கணக்கு: 13ஆம் திகதி ஆறு. 14, ஆறு. 15, நாலு. 16, மூண்டு.

ரெண்டு மணிக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டுத்தான் இதைத் தொடங்கினன். இப்ப பாத்தா ரெண்டு மணியின்ர அழுகை பின்னேரம் ஏழு மணிக்கே முடிவாகுது போல கிடக்கு.

யாழ்_புது_அம்மா | 18 மார்ச், காலை 10.00

அண்ணா, எதுக்கு இவ்வளவு கரைச்சல்? பாமசியில அலர்ஜிக்கு ஒரு பாணி தருவாங்கள். ராவில அரைக் கரண்டி குடுத்தா விடியும்வரை நித்திரை. எங்கட மகனுக்கு நாலு மாசத்தில இருந்து குடுக்கிறம்.

இரவுக்காவலன் | 18 மார்ச், மத்தியானம் 1.20

உண்மையைச் சொன்னா நாங்களும் பெப்ரவரியில ஒருநாள் குடுத்தனாங்கள். பிள்ளை படுத்தா, ஆனா படுத்தபடியே சொறிஞ்சா. கண் மூடி, கை மட்டும் வேலை செய்துது. அதைப் பாத்தது எனக்கு அழுகையைவிடப் பயம்.

வார்ட் மிஸி | 18 மார்ச், இரவு 7.45

தங்கச்சி, அந்தப் பாணியை இண்டைக்கே நிப்பாட்டிப் போட்டுப் பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. கோவிக்காதேங்கோ. நித்திரை வர வைக்கிற அலர்ஜிப் பாணி உந்த வயசில மூச்சைக் குறைக்கலாம், சில பிள்ளையளை எதிர்மாறாத் துள்ளவும் வைக்கும். அரைக் கரண்டி எண்டது எந்தக் கரண்டி எண்டும் தெரியாது. காவலன் கண்டதும் சரிதான். நுளம்புக் கடியும் தடிப்பும் ஹிஸ்ரமீனால. எக்ஸிமாவின்ர கடி பெரும்பாலும் வேற வழியால வருது, அதால பாணி ஆளைத்தான் மயக்கும், கடியை நிப்பாட்டாது. ஆறு மாசத்துக்கு மேல, கடும் கட்டத்தில, சில நாளுக்கு மட்டும் டொக்டர் தானா எழுதிக் குடுக்கிறது உண்டு. அது வேற.

யாழ்_புது_அம்மா | 18 மார்ச், இரவு 9.10

சரி அக்கா. கிளினிக்குக்குக் கொண்டுபோறன்.

இரவுக்காவலன் | 20 மார்ச், விடியப்புறம் 2.40

ஏன் ராவில மட்டும் இப்பிடி? பகலில இதே தோல்தானே.

வார்ட் மிஸி | 20 மார்ச், காலை 6.30

பகலில காகமும் அம்மம்மாவும் விளையாட்டுக் காட்டுகினம், கடி மறந்துபோகும். ராவில கடியும் பிள்ளையும் மட்டும்தான். உடம்பே சுரக்கிற கோட்டிசோல் நடுச்சாமத்தில ஆகக் குறைவு, அது வீக்கத்தை அடக்கிற சாமான். நித்திரைக்குப் போகேக்குள்ள உடம்பு சூட்டை வெளிய விடும், தோல் சூடாகும், சூடான தோல் கடிக்கும். தோலில இருந்து தண்ணி ஆவியாகிறதும் ராவில கூட. தண்ணி போறதுக்குக் களிம்பு பூசுறீங்கள், மிச்சத்தில சூட்டில மட்டும்தான் நாங்கள் கை வைக்கலாம். பிள்ளை எதில படுக்கிறா?

இரவுக்காவலன் | 20 மார்ச், காலை 7.00

ஏணையில. அம்மம்மாவின்ர பழைய சீலை. … நைலெக்ஸ்.

இரவுக்காவலன் | 20 மார்ச், இரவு 10.15

மத்தியானம் பிள்ளை ஏணையில படுத்திருக்க, முதுகுக்குக் கீழ கையை விட்டுப் பாத்தன். சோறு வடிச்ச சட்டி மூடி மாதிரி ஈரச்சூடு. சீலை ரெண்டு பக்கமும் ஒட்டிப்பிடிச்சுக் கிடக்கு, ஃபான் காத்து உள்ள போக வழியில்லை. இண்டையில இருந்து தரையில பாய், அதில பருத்தி விரிப்பு, மல்லாக்க. உடுப்பு ஒரு பழைய பருத்திச் சட்டை, அவ்வளவுதான். தலையணையும் எடுத்தாச்சு, ரத்தப்பொட்டுப் பாக்க இனி விரிப்பைத்தான் பாக்கவேணும். ஃபான் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிருக்கிறன்.

ஏணை இல்லாமல் படுக்க வைக்க ஒண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. ஏணையின்ர கயிறு என்னைப் பாத்துச் சிரிக்குது.

கைதடி மாமா | 21 மார்ச், காலை 8.00

எங்கட நாலு பேரும் ஏணையில வளந்தவங்கள். ஒருத்தனுக்கும் ஒண்டும் வரேல்லை.

இரவுக்காவலன் | 21 மார்ச், காலை 8.30

நானும் அதே ஏணையிலதான் மாமா. ஆனா எனக்கு எக்ஸிமா இல்லை.

இரவுக்காவலன் | 24 மார்ச், விடியப்புறம் 3.20

ரெண்டு மணிக்கு எழும்பினா இப்ப செய்யிறது: லைற் போடுறதில்லை. கதைக்கிறதில்லை. பிரிட்ஜுக்குள்ள சின்னப் போத்தலில கொஞ்சம் பரபின் வைச்சிருக்கிறன். குளிரா இருக்கேக்குள்ள விரலில எடுத்து உள்ளங்கையில இளக்கி, கன்னத்தில ஒத்துறன். தேய்க்கிறதில்லை, தேய்ச்சா நானே சொறிஞ்சுவிடுற மாதிரிப் பிள்ளை இன்னும் கேப்பா. கணைக்காலை முழுக் கையால பொத்தி மெல்ல அமத்தி வைச்சிருப்பன். அமத்தினாக் கடி அடங்குது, இதை ஆரும் சொல்லேல்லை, தற்செயலாக் கண்டது. அடங்காட்டித் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச பழைய வேட்டித் துண்டு ஐஞ்சு நிமிசம், பிறகு திரும்பக் களிம்பு. துண்டை எடுத்த பிறகு களிம்பு பூச மறந்தா அரை மணியில முன்னையைவிட மோசம். மறந்து பாத்தாச்சு.

நகம்: விழிச்சிருக்கேக்குள்ள வெட்ட விடமாட்டா. முதல் நித்திரையில, கடதாசி அரத்தால மூண்டு நாளுக்கு ஒருக்காத் தேய்க்கிறன். கையுறை போட்டம், ஒரு மணித்தியாலத்தில வாயால இழுத்துக் கழட்டிப்போட்டா. உறையின்ர நூல் விரலில சுத்தியிருந்தது. அதோட குப்பையில. இப்ப நீட்டுக் கைச் சட்டை, நுனியை மடிச்சு விரலை மூடி விடுறது.

20இல இருந்து கணக்கு: மூண்டு, மூண்டு, ரெண்டு. கரண்ட் போன 22ஆம் திகதி ராத்திரியை நான் எண்ணேல்லை, எண்ணினா மனம் உடையும்.

வார்ட் மிஸி | 24 மார்ச், காலை 7.00

ஒண்டு கேக்க மறந்திட்டன். வார்த்த பிறகு சாம்பிராணி காட்டுறனீங்களோ?

இரவுக்காவலன் | 24 மார்ச், காலை 7.20

ஓம். ஒவ்வொரு நாளும். தணலுக்கு மேல பிள்ளையைப் பிடிச்சு… அட கடவுளே.

வார்ட் மிஸி | 24 மார்ச், காலை 7.35

அதேதான். பரபின் ஊறின துணி திரி மாதிரி. நெருப்புப் பட்டா உடன பத்தும், கழுவினாலும் களிம்பு முழுக்கப் போகாது. தணல், குத்துவிளக்கு, நுளம்புத்திரி எல்லாத்தையும் பிள்ளையின்ர பாயில இருந்து தூர வையுங்கோ. புகையே வறண்ட தோலுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது, அது தனிக் கதை.

இரவுக்காவலன் | 25 மார்ச், மாலை 6.00

அம்மம்மாவிட்டைச் சொன்னன். பழைய விரிப்பில கொஞ்சம் பரபின் தேய்ச்சு முத்தத்தில வைச்சுக் கொளுத்திக் காட்டினன். ஒண்டும் சொல்லாமல் தூபக்காலைக் கொண்டுபோய்ச் சாமியறையில வைச்சிட்டா.

சுன்னாகம் சிவம் | 28 மார்ச், இரவு 8.00

மச்சானிட்டைக் கேட்டன். பழைய ரியூப்பை வற்சப்பில படம் பிடிச்சு அனுப்பினவன். குளோபெற்றசோல்தான். ஒண்டரை வருசம். மிஸிக்குச் சொல்லிவிடுங்கோ.

ஆனா தண்ணி விசயத்தில நான் விடமாட்டன்.

வார்ட் மிஸி | 28 மார்ச், இரவு 8.40

விடவேண்டாம். கல்லுத்தண்ணி இருக்கிற இடங்களில எக்ஸிமா கூட எண்டு ஆய்வுகள் இருக்கு. ஆனா இங்கிலாந்தில பிள்ளையளின்ர வீட்டில தண்ணியை மெதுவாக்கிற மெசினைப் பூட்டிப் பாத்து 2011இல வெளியிட்டவை, எக்ஸிமாவில சொல்லக்கூடிய வித்தியாசம் வரேல்லை. எங்கட தண்ணியில சோப் நுரைக்காது, நுரைக்க வைக்க எண்டு அள்ளிப் போடுறம், அது கழுவுப்படாமல் தோலில நிக்குது. நான் அதைத்தான் கூடச் சந்தேகப்படுறன்.

சுன்னாகம் சிவம் | 28 மார்ச், இரவு 8.55

இங்கிலாந்துத் தண்ணி வேற, சுன்னாகத் தண்ணி வேற மிஸி.

இரவுக்காவலன் | 2 ஏப்ரல், இரவு 10.30

தோல் மெழுகு மாதிரி வந்திட்டுது. ரெண்டு நாள் கூடப் பூசிப்போட்டு ஸ்டீரொயிட்டை நிப்பாட்டியாச்சு. ரெண்டு ரியூப் முடிஞ்சது. பெருமையா இருக்கு, பிழையான இடத்தில பெருமைப்படுறனோ தெரியேல்லை. களிம்பு கிழமைக்கு 200 கிராம் போகுது. நேற்று ஒரே ஒருக்கா, பாலுக்கு எழும்பினா.

மனுசி ஒண்டரை மாசத்துக்குப் பிறகு முட்டை சாப்பிட்டா. பொரிச்சு, ரெண்டு. பிள்ளைக்கு ஒண்டும் இல்லை.

முன்னம் எழுதினதில ஒரு திருத்தம். ஃபானைச் சுவர்ப்பக்கம் திருப்பினன் எண்டு சொன்னன். பகல் நேரத்தில அதுவும் காணாது. பரபின் தடிப்பாப் பூசி இந்த வெக்கையில விட்டதில நெஞ்சிலயும் கழுத்திலயும் வேர்க்குரு போட்டுட்டுது. இப்ப பகலுக்கு மெல்லிய வாசமில்லாத கிறீம், ராவுக்கு மட்டும் பரபின், கழுத்து மடிப்பில மெல்லிசா.

இரவுக்காவலன் | 15 ஏப்ரல், விடியப்புறம் 4.10

வருசப்பிறப்பு. சரிகை வைச்ச புதுச் சட்டை, உள்ளுக்கு நெற்றுத் துணி. கோயில் மருத்துநீர், அதில மஞ்சளும் மிளகும் இன்னும் என்னென்னவோ. உச்சியில வைச்சது கன்னத்தால வழிஞ்சது. ஏழு வீடு, ஏழு பேரின்ர வாசனைத்தைலம் பூசின மார்பு. பின்னேரம் வார்க்கவும் இல்லை, களைச்சுப் போனம்.

ஐஞ்சு தரம். எது காரணம் எண்டு அம்மம்மாவும் நானும் வழக்காடிக்கொண்டு இருக்கிறம். மருத்துநீரை அவ விட்டுக்குடுக்கமாட்டா, சட்டைதான் எண்டுறா. எனக்கெண்டாப் பின்னேரம் களிம்பு தவறினதில கூடச் சந்தேகம்.

இரவுக்காவலன் | 18 ஏப்ரல், காலை 9.20

மிஸி, ஸ்டீரொயிட் மூண்டு நாள் பூசியும் இடது கன்னம் அடங்கேல்லை. தேன் காஞ்ச மாதிரி மஞ்சளாப் பொருக்கு, கீழ கசிவு. காய்ச்சல் இல்லை.

வார்ட் மிஸி | 18 ஏப்ரல், காலை 9.35

இண்டைக்கே டொக்டர். அது கிருமி பிடிச்சிட்டுது, களிம்பால தீராது. புது டப்பா திறவுங்கோ, பழசை எறியுங்கோ. இன்னொண்டும் தெரிஞ்சு வைச்சிருங்கோ: ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமா வந்து, குத்தி எடுத்த குழி மாதிரி ஆகி, பிள்ளை காய்ச்சலோட சோர்ந்தா, ஹேர்ப்பீஸ் வைரஸ் எக்ஸிமாவில பரவுதெண்டு அர்த்தம். அப்ப விடியும்வரை பாத்திருக்கப்படாது, நேர ஆஸ்பத்திரி. வாய் ஓரத்தில கொப்புளம் இருக்கிற ஆக்கள் பிள்ளையைக் கொஞ்ச விடாதேங்கோ.

இரவுக்காவலன் | 18 ஏப்ரல், இரவு 9.00

அன்ரிபயோட்டிக் தந்தவர். வருசப்பிறப்புக்குக் கொஞ்சின ஏழு வீட்டையும் மனதுக்குள்ள திரும்ப ஒருக்காச் சுத்தி வாறன்.

இரவுக்காவலன் | 6 மே, இரவு 11.00

கன்னம் ஆறினது. ஆறு மாசம் முடிஞ்சு சோறு தொடங்கினம். இப்ப புதுப் பிரச்சினை, கஞ்சியும் வீணியும் கன்னத்தில காஞ்சு அந்த இடம் திரும்பச் சிவக்குது. ஊட்ட முதல் வாயைச் சுத்தி பரபின் ஒரு பூச்சு, ஊட்டினாப் பிறகு ஒத்தி எடுத்து இன்னொரு பூச்சு. தலைக்கு எண்ணெய் வைச்ச மாதிரி மின்னுறா.

முட்டை குடுக்கலாமோ எண்டு பயந்து டொக்டரைக் கேட்டன். எக்ஸிமா இருக்குதெண்டு முட்டையையும் கச்சானையும் பிந்தப் போடுறது நல்லதில்லையாம், பிந்தினாத்தான் அலர்ஜி வாற வாய்ப்புக் கூடவாம். முட்டையை நல்லா அவிச்சு, பகலில, நுனிக்கரண்டி. கச்சானை முழுசாக் குடுக்கப்படாது, அரைச்சுக் கூழில. உடன அல்லது ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள தடிப்பு, முக வீக்கம், சத்தி வந்தாத்தான் அலர்ஜி எண்டு யோசிக்கிறது. மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலமை முட்டை. ஆர் குடுக்கிறது எண்டு சீட்டுப் போட்டம், எனக்கு விழுந்தது.

இரவுக்காவலன் | 7 மே, காலை 10.40

சாப்பிட்டா. துப்பினா. திரும்பச் சாப்பிட்டா. ஒண்டும் இல்லை. நான்தான் ரெண்டு மணித்தியாலம் கதிரை நுனியில.

யாழ்_புது_அம்மா | 9 மே, இரவு 8.30

அண்ணா, மிஸி அக்கா, எங்கட மகனுக்கு டொக்டர் பாத்தது எக்ஸிமா இல்லை. ராசன் அண்ணா சொன்ன பூச்சி. எங்கட வீட்டில ஐஞ்சு பேருக்கு. பேர்மெத்ரின் முதல் தரம் பூசியாச்சு.

பருத்தித்துறை ராசன் | 9 மே, இரவு 8.50

தங்கச்சி, பாய் விரிப்பு எல்லாத்தையும் சுடுதண்ணியில தோய்ச்சு வெயிலில போடுங்கோ. தோய்க்க ஏலாததைப் பையில கட்டி நாலு நாள் வையுங்கோ. கைக்குழந்தைக்குத் தலை, முகத்துக்கும் பூசச் சொன்னவரோ? எங்களுக்கு முதல்தரம் அதைச் சொல்லாமல் விட்டவை, கண்ணையும் வாயையும் விட்டுப் பூசவேணும்.

சுன்னாகம் சிவம் | 27 மே, காலை 7.00

சனிக்கிழமை ஒரு பாட்டம் மழை. கூரைத் தண்ணி ரெண்டு பரல் பிடிச்சு வைச்சிருக்கிறன் தம்பி. முதல் தண்ணியை விட்டிட்டுப் பிடிச்சது, வடிகட்டியாச்சு. வந்து எடும்.

இரவுக்காவலன் | 27 மே, காலை 7.45

வாறன் அண்ணை. வலது காலுக்கு மழைத்தண்ணி, இடது காலுக்குக் கிணத்துத்தண்ணி, ரெண்டுக்கும் ஒரே களிம்பு. பத்து நாளைக்குக் காணுமோ ரெண்டு பரல்?

இரவுக்காவலன் | 8 யூன், விடியப்புறம் 2.15

ரெண்டு காலும் ஒரே மாதிரி. சிவமண்ணை பத்து நாள் காணாது எண்டுறார், மிஸி ஒரு பிள்ளையை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது எண்டுறா.

இப்ப எழும்பியிருக்கிறா. சொறிய இல்லை. சோளகக் காத்துக்கு யன்னல் அடிச்ச சத்தம். பாயில கிடந்து ஃபானைப் பாத்துக் கதைச்சுக்கொண்டு இருக்கிறா.